பார்ட்டிஷன் டேபிள் போன 1 டிபி டிஸ்க்: டெஸ்ட்டிஸ்க் மூன்று வரி காட்டுகிறது, எதை எழுதுவது?

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 3, இரவு 9.40

கடலூர் முதுநகரில் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் சாமிகள் என்று எல்லாமே ஒரு 1 டிபி டிஸ்க்கில் கிடக்கின்றன. 3.5 இஞ்ச் டிஸ்க், அடாப்டர் வைத்த எக்ஸ்டர்னல் கேஸில் போட்டது.

நேற்று கரண்ட் போய் வந்ததும் டிரைவைக் காணவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தேன். டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், பார்ட்டிஷன் டேபிள் வகை MBR-ஆ GPT-ஆ என்று கேட்டது. புதுசு தான் நல்லது என்று நினைத்து GPT கொடுத்து ஓகே அழுத்திவிட்டேன். இப்போது 931 ஜிபியும் Unallocated. ஃபார்மட் செய்யவில்லை, அதுவரைக்கும் புத்தி இருந்தது.

தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் இறக்கி ஓட்டினேன். Quick Search முடிந்ததும் இந்த மூன்று வரி:

```
D HPFS - NTFS       0   1  1  39999 254 63  642599937
D HPFS - NTFS       0  32 33 121601  57 56 1953521664
D HPFS - NTFS   40000   0  1 121600 254 63 1310920065
```

எனக்கு நினைவு தெரிந்து அதில் ஒரே டிரைவ் தான். இது என்ன மூன்று? எதையும் எழுதாமல் வெளியே வந்துவிட்டேன்.

கெடிலக்கரை | ஜூலை 3, இரவு 10.05

சிம்பிள் தம்பி. முதல் வரியும் மூன்றாம் வரியும் ஜோடி. ஒன்று 39999-இல் முடிகிறது, அடுத்தது 40000-இல் தொடங்குகிறது, கச்சிதமாகப் பொருந்துகிறது பார். நடுவில் இருப்பது குப்பை. D என்றால் அழிந்தது, P என்றால் பிரைமரி. இரண்டையும் P ஆக்கு, Structure: Ok என்று பச்சையில் வரும், Write கொடு. பத்து நிமிட வேலை. நான் நாலைந்து டிஸ்க் இப்படி மீட்டிருக்கிறேன்.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 3, இரவு 10.20

அண்ணே, நீங்கள் சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். ஆமாம், பச்சையில் Ok வருகிறது. நடுவரியையும் சேர்த்தால் Structure: Bad. முதல் வரியில் P அழுத்தினால் ஃபோல்டர் பெயர்களும் தெரிகின்றன. `thane` என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது அப்பா எடுத்த படங்கள். பக்கத்தில் நின்ற அப்பா “அதான், அதேதான்” என்று கத்திவிட்டார். எழுதிவிடலாமா?

பாகூர்க்காரி | ஜூலை 3, இரவு 10.32

எழுதாதே. கையை எடு.

முதலில் ஒரு கேள்வி. இந்த டிஸ்க் எந்த வருடம் வாங்கியது? நடுவில் யாராவது பழைய பார்ட்டிஷன்களை அழித்து ஒரே டிரைவாக்கினார்களா?

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 3, இரவு 10.50

அப்பாவிடம் கேட்டேன். 2010-இல் வாங்கியது. அப்போது எக்ஸ்பி கம்ப்யூட்டருக்குள் இருந்தது, டி, ஈ என்று இரண்டு டிரைவ். 2014-இல் விண்டோஸ் 7 போட்டபோது படங்களை எல்லாம் வேறு எங்கோ நகர்த்தி, டிஸ்க்கை ஒரே டிரைவாக்கித் திரும்பப் போட்டாராம். அதனால்தான் எனக்கு ஒரே டிரைவ் நினைவு.

அப்படியென்றால் கெடிலக்கரை அண்ணன் சொன்ன ஜோடி 2010-ஆம் வருடத்து ஜோடியா?

பாகூர்க்காரி | ஜூலை 3, இரவு 11.15

ஆமாம். எண்களே சொல்கின்றன. சிலிண்டர், ஹெட், செக்டார் என்ற வரிசையில் 0 1 1 என்றால் டிஸ்க்கின் 63-ஆம் செக்டார். எக்ஸ்பி காலத்து வழக்கம் அது, சிலிண்டர் கணக்குப் பார்த்து வைக்கும். அதனால்தான் முடிவும் 254 63 என்று உருண்டையாக நிற்கிறது. 0 32 33 என்றால் 2048-ஆம் செக்டார், சரியாக 1 எம்பி தள்ளி. விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ் எல்லாம் வழக்கமாக அங்கிருந்து தான் தொடங்கும். அப்பா விண்டோஸ் 7-இல் செய்த டிரைவ் நடுவரி.

பழையது ஏன் இன்னும் தெரிகிறது? 2014-இல் போட்ட க்விக் ஃபார்மட் 2048-க்கு முன்னால் எதையும் தொடவில்லை. 63-இல் இருந்த பழைய பூட் செக்டார், அதாவது அந்த டிரைவின் முதல் செக்டார், பத்து வருடத்துக்கு மேலாக அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிறது. டெஸ்ட்டிஸ்க்குக்கு எது நேற்றையது, எது செத்தது என்று தெரியாது. பூட் செக்டார் கண்ணில் பட்டால் வரி போடும்.

பச்சை Ok பற்றி ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, டிஸ்க்குக்கு வெளியே போகவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை.

கெடிலக்கரை | ஜூலை 3, இரவு 11.30

அக்கா, ஃபைல் பெயர் தெரிகிறதே? பெயர் தெரிந்தால் அந்தப் பார்ட்டிஷன் உயிரோடு இருக்கிறது என்று தானே அர்த்தம்? நான் இத்தனை நாள் அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

மஞ்சை மாமா | ஜூலை 4, காலை 6.10

என் பேரன் பென் டிரைவில் இருந்த பரீட்சை நோட்ஸை எல்லாம் டெலீட் செய்துவிட்டான். இந்த டெஸ்ட்டிஸ்க் போட்டால் பார்ட்டிஷன் ஒன்று தான் காட்டுகிறது, அதுவும் சரியாகவே இருக்கிறது. மூன்று வரி வர என்ன செய்ய வேண்டும்?

லாஸ்பேட்டை லினக்ஸ் | ஜூலை 4, காலை 7.02

மாமா, உங்களுக்கு மூன்று வரி வரவே வேண்டாம். டேபிள் போகவில்லை, ஃபைல் தான் போனது. Advanced உள்ளே போய் Undelete பாருங்கள். கிடைப்பதைப் பென் டிரைவிலேயே சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டருக்குள் சேமியுங்கள். பேரனைத் திட்டாதீர்கள்.

பாகூர்க்காரி | ஜூலை 4, காலை 8.20

கெடிலக்கரை கேட்டதற்கு வருகிறேன். நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் இதில் ஏமாந்தவள்.

NTFS டிரைவில் ஃபைல் பெயர், அது எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் MFT என்ற பட்டியலில் இருக்கும். பெரிய டிரைவை விண்டோஸ் ஃபார்மட் செய்தால் அந்தப் பட்டியலை வழக்கமாக 786432-ஆம் கிளஸ்டரில் வைக்கும். ஒரு கிளஸ்டருக்கு 8 செக்டார், ஆகப் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 6291456 செக்டார் தள்ளி. பழைய டிரைவ் 63-இல் தொடங்கியது, அதன் பட்டியல் 6291519-இல். புதிய டிரைவ் 2048-இல் தொடங்கியது, அதன் பட்டியல் 6293504-இல். இரண்டுக்கும் இடைவெளி 1985 செக்டார் தான்.

ஒரு ஃபைலுக்கான பதிவு 2 செக்டார். அதாவது பழைய பட்டியலின் முதல் 990 பதிவுகள் போலத் தப்பியிருக்கலாம், அதற்குப் பிறகு வந்ததன் மேல் புதிய பட்டியல் உட்கார்ந்துவிட்டது. தம்பி பார்த்த `thane` அந்தத் தப்பிய பகுதியில் இருக்கும் பெயர். பெயர் இருக்கிறது, அது கைகாட்டும் இடத்தில் இன்று வேறு யாரோ வீட்டுக் கல்யாணம் இருக்கும்.

சோதிப்பது எளிது. மூன்று வரியிலும் P அழுத்தி ஃபைல்களைப் பார். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று படத்தை c அழுத்தி வேறு டிஸ்க்குக்கு நகலெடு. திறந்து பார். பெரிய ஃபைலாகப் பார்த்து எடு. சின்ன ஃபைல் தற்செயலாகத் தப்பியிருந்தாலும் தப்பியிருக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 4, மதியம் 1.45

செய்தேன்.

முதல் வரி: 8 படம் நகலெடுத்தேன். 5 திறக்கவே இல்லை. 2 படத்தில் மேலே கால்வாசி தென்னந்தோப்பு விழுந்து கிடக்கிறது, கீழே சாம்பல். ஒன்று `thane` என்று பெயர் போட்டு, திறந்தால் யாரோ ஒரு மணப்பெண்ணின் மருதாணிக் கை. அக்கா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை.

மூன்றாம் வரி: Can't open filesystem. Filesystem seems damaged.

நடுவரி: எல்லா ஃபோல்டரும் இருக்கின்றன. போன மாதம் எடுத்த மஞ்சக்குப்பம் கல்யாணம் வரைக்கும். 2 ஜிபி வீடியோ ஒன்றை எடுத்து முழுதும் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. தானே படங்களும் இதிலும் இருக்கின்றன, முழுசாக. அப்பா நேற்று கத்தியதற்கு இன்று டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். அப்பா ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவர். டெஸ்ட்டிஸ்க்கின் கறுப்புத் திரையில் அவை கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. இது கெட்டுப்போனதன் அடையாளமா?

லாஸ்பேட்டை லினக்ஸ் | ஜூலை 4, மதியம் 2.10

இல்லை ப்ரோ. விண்டோஸின் அந்தக் கறுப்பு ஜன்னலுக்குத் தமிழ் எழுத்துக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்கில் பெயர் சரியாகவே இருக்கும். லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து பாருங்கள்.

கெடிலக்கரை | ஜூலை 4, மாலை 5.30

நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்த நாலைந்து டிஸ்க்கில் ஒன்று பிறகு சரிவரவில்லை. அதற்கு டிஸ்க் தான் மோசம் என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

ஆனால் ஒன்றில் விடமாட்டேன். தப்பான வரியை எழுதினாலும் டெஸ்ட்டிஸ்க் ஒரே ஒரு செக்டாரைத்தான் மாற்றும். திரும்ப வந்து சரியான வரியை எழுதினால் போயிற்று. இதற்கு இவ்வளவு பயம் எதற்கு?

பாகூர்க்காரி | ஜூலை 4, இரவு 9.05

முதல் பாதி சரி. MBR என்றால் ஒரு செக்டார், 512 பைட். அதிலும் டேபிள் 64 பைட் தான். டெஸ்ட்டிஸ்க் எழுதுவதால் படம் எதுவும் அழியாது.

அழிப்பவன் அடுத்து வருவான். தப்பான டேபிளை எழுதி விண்டோஸில் மாட்டினால், விண்டோஸ் அதை நம்பும். “டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா” என்று கேட்கும், அல்லது பூட் ஆகும்போது பிழைகளைச் சரிசெய்யும் chkdsk தானாக ஓடும். செத்த 2010 டிரைவின் பட்டியலைப் பிடித்து அது சரிசெய்யத் தொடங்கினால், அதன் எழுத்து விழுவது எல்லாம் இன்றைய கல்யாணங்களின் மேல். என் மேசைக்கு வந்ததில் பாதி, டேபிள் போனதால் வந்தவை அல்ல, அதற்குப் பிறகு chkdsk ஓடியதால் வந்தவை.

அதனால் தம்பிக்கு: வேறு டிஸ்க் இருந்தால் முதலில் முழு நகல் எடு. எழுதுவதை நகலில் எழுது.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 5, காலை 10.00

வீட்டில் இருந்த உதிரி டிஸ்க் 500 ஜிபி. நடுவரியில் இருப்பது 780 ஜிபி. பாண்டி நேரு வீதிக்குப் போய் 2 டிபி ஒன்று வாங்கி வந்தேன். இன்னொரு கடையில் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனால் “ரிக்கவரி செய்து தருகிறோம்” என்றார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் ஃபார்மட் செய்துவிட்டு சாஃப்ட்வேர் போடுவோம் என்றார் அந்தத் தம்பி. கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

முழு நகல் எடுக்க லினக்ஸ் லைவில் இப்போது ஓடுவது:

```
sudo ddrescue -d /dev/sdb /media/puthu/disk.img /media/puthu/disk.map
```

வேகம் 28 எம்பி. மொத்தம் பத்து மணி நேரம் காட்டுகிறது.

லாஸ்பேட்டை லினக்ஸ் | ஜூலை 5, காலை 10.12

கறுப்பு யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருக்கிறீர்கள். Ctrl+C போட்டு நிறுத்தி, நீல ஓட்டைக்கு மாற்றி, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். அந்த map ஃபைல் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புது டிஸ்க் FAT32 இல்லையே? அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 5, காலை 10.40

NTFS தான். நீலத்துக்கு மாற்றினேன். 95 எம்பி. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 5, மதியம் 12.15

36 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. கடலூர் வாழ்க.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 5, மாலை 4.50

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கரண்ட் வந்தது. பூட் செய்தேன், புது டிஸ்க்கைத் திறந்தேன், மேலே இருக்கும் அதே கட்டளையைக் காப்பி செய்து ஒட்டினேன். என்டர் தட்டும் முன் ஏதோ உறுத்தியது, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று இதைக் கொடுத்தேன்:

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL
```

காலையில் sdb பழைய டிஸ்க், sdc புதிய டிஸ்க். இப்போது sdb 1.8T என்று காட்டுகிறது. இடம் மாறிவிட்டது. கேஸின் அடாப்டரால் பழைய டிஸ்க் சுற்ற ஆரம்பிக்க நேரம் எடுத்ததில் புதிய டிஸ்க் முந்திக்கொண்டது போல.

என்டர் தட்டியிருந்தால் புதிய டிஸ்க்கையே படித்து, மிச்சம் 64 சதவீதத்தை அதனுள் இருக்கும் நகலில் ஊற்றியிருக்கும். பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் நகல் முன்பாதி கல்யாணம், பின்பாதி குப்பை. அதை நம்பி நான் என்னவெல்லாம் செய்திருப்பேனோ.

இப்போது sdb, sdc என்று எழுதுவதில்லை. `/dev/disk/by-id/` உள்ளே சீரியல் எண்ணோடு இருக்கும் பெயரைப் போட்டு ஓட்டுகிறேன். 61 சதவீதம்.

பாகூர்க்காரி | ஜூலை 5, மாலை 5.20

நல்லவேளை ஃபைலாக நகலெடுத்தாய். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக நகலெடுத்திருந்தால், இந்த இடமாற்றத்தில் கல்யாணத்தின் மேல் நகல் ஏறியிருக்கும். எனக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவர் போன் செய்தபோது எனக்கும் பேச்சு வரவில்லை.

இன்னொன்று. அடாப்டரால் டிஸ்க் சுற்ற நேரம் எடுக்கிறது என்றாய். அதுதான் முதல் குற்றவாளி என்று சந்தேகம். அன்று கரண்ட் வந்தபோது டிஸ்க் சரியாக எழும் முன் விண்டோஸ் முதல் செக்டாரைக் கேட்டிருக்கும், பதில் வந்திருக்காது. அதனால் இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டது. அந்த நேரத்தில் டேபிள் நன்றாகவே இருந்திருக்கலாம். கேஸை அணைத்து வேறு அடாப்டர் போட்டிருந்தால் டிரைவ் தானாக வந்திருக்கக்கூடும்.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 5, மாலை 5.25

அப்படியானால் டேபிளை அழித்தது கரண்ட் இல்லை, நான்.

கெடிலக்கரை | ஜூலை 5, மாலை 5.40

அப்பாவிடம் கரண்ட் என்றே சொல்லு தம்பி.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 6, காலை 9.30

நகல் முடிந்தது. படிக்க முடியாத இடம் 0. ஃபைல் அளவு 1000204886016 பைட், டிஸ்க் அளவும் அதேதான்.

நகலின் மேல் `testdisk disk.img` ஓட்டினேன். முதலில் டேபிள் வகை கேட்கும் இடத்தில் EFI GPT கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு வருகிறது. அதை ஏற்று உள்ளே போனால் Analyse இதைக் காட்டுகிறது:

```
P MS Reserved            34      32767      32734
```

இது நான் ஓகே அழுத்தியபோது விண்டோஸ் போட்டது தானே? 34-இலிருந்து 32767 வரை என்றால் 16 எம்பி. என் டிரைவ் 2048-இல் தொடங்குகிறது. அதன் மேல் எழுதிவிட்டதா?

பாகூர்க்காரி | ஜூலை 6, காலை 10.10

அது டேபிளில் துண்டு போட்டு இடம் பிடித்தது மட்டும். உட்கார்ந்து எதையும் எழுதவில்லை. சாட்சி உன்னிடமே இருக்கிறது: 63-உம் 2048-உம் அந்த எல்லைக்குள் தான் வருகின்றன, இரண்டு பூட் செக்டாரும் பிழைத்திருக்கின்றன.

GPT உண்மையில் எழுதியது முதல் 34 செக்டாரிலும் கடைசி 33 செக்டாரிலும். கடைசியில்தான் ஒரு கவலை. NTFS தன் பூட் செக்டாரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைக்கும். உன் டிஸ்க்கில் மொத்தம் 1953525168 செக்டார், டிரைவ் 1953523711-இல் முடிகிறது. பின்னால் 1456 செக்டார் காலி, GPT-க்கு 33 போதும். தொடவில்லை.

இப்போது வகை கேட்கும்போது குறிப்பைக் கேட்காதே. குறிப்பு நீ போட்ட GPT-யைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு முன் இருந்தது. டெஸ்ட்டிஸ்க்கில் MBR-க்குப் பெயர் Intel. அதை எடு, Analyse, Quick Search, நடுவரியை மட்டும் P ஆக்கு, மற்ற இரண்டும் D ஆகவே கிடக்கட்டும், Write. வேறு எதையும் தொடாதே. Advanced பக்கம் போனால் Boot உள்ளே Rebuild BS, Repair MFT என்று ஆசை காட்டும். அவை பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதுபவை, உனக்குத் தேவையே இல்லை.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 6, காலை 11.35

நகலில் எழுதினேன். பிறகு:

```
sudo losetup -r -fP --show disk.img
sudo mount -o ro /dev/loop0p1 /mnt
```

வந்துவிட்டது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தமிழிலேயே. உள்ளே 780 ஜிபி. ஃபோல்டருக்கு ஒன்றாக 40 படம் திறந்து பார்த்தேன், 40-உம் சரி. அப்பா கடைக்குட்டி வீடியோவிலிருந்து ஆரம்பித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆர்டர் எடுக்க வந்தவர் வெளியே நிற்கிறார்.

லாஸ்பேட்டை லினக்ஸ் | ஜூலை 6, மதியம் 12.00

சூப்பர். அசல் டிஸ்க்கில் GPT-யாகவே எழுதிவிடலாமே? டெஸ்ட்டிஸ்க்கில் EFI GPT எடுத்து அதே 2048 வரியை எழுதினால் போதும். முன்னாலும் பின்னாலும் இடம் இருக்கிறது என்று அக்காவே கணக்குப் போட்டாரே. Intel ஆக எழுதினால் செக்டார் 1-இல் பழைய GPT தலை அப்படியே நிற்கும். GPT டேபிளைத் திருத்தும் `gdisk` திறந்தால் MBR-உம் இருக்கிறது GPT-உம் இருக்கிறது, எதைப் பயன்படுத்த என்று கேட்கும்.

பாகூர்க்காரி | ஜூலை 6, மதியம் 12.40

கேட்டால் கேட்கட்டும். ஸ்டுடியோ டிஸ்க் அது, பழைய டிவியிலும் டிவிடி ப்ளேயரிலும் சொருகுவார்கள். GPT அவற்றில் பலவற்றுக்குப் புரியாது. என் வழக்கம், இருந்தது எதுவோ அதையே திரும்ப வைப்பது. MBR-இல் GPT அடையாளம் இல்லையென்றால் விண்டோஸ் அதை MBR டிஸ்க்காகத்தான் எடுத்துக்கொள்ளும்.

லாஸ்பேட்டை லினக்ஸ் | ஜூலை 6, மதியம் 12.52

பத்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து `gdisk` திறந்து தப்பான பதிலை அழுத்துவார் அக்கா. பேய் 63-இல் தூங்குவதைப் பார்த்தோம் அல்லவா, இன்னொரு பேயை நாமே விட்டுவைப்பதா? நான் என்றால் GPT மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். முடிந்தால் 63-ஐயும்.

பாகூர்க்காரி | ஜூலை 6, மதியம் 1.05

துடைக்கப் போய் கணக்குத் தப்பினால்? நகல் கையில் இருக்கும்வரை செய்துகொள். நான் செய்யமாட்டேன்.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 6, மாலை 6.15

இருவரும் சண்டை போடுங்கள், நான் நடுவில் நிற்கிறேன். அசலில் இன்னும் எதுவும் எழுதவில்லை. முதல் 1 எம்பியை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், 63-இல் இருக்கும் பேய் உட்பட:

```
sudo dd if=/dev/disk/by-id/... of=head.bin bs=512 count=2048
```

புள்ளி இருக்கும் இடத்தில் என் டிஸ்க்கின் சீரியல், அதை இங்கே போடவில்லை.

மஞ்சை மாமா | ஜூலை 7, காலை 6.30

Undelete-இல் பேரன் நோட்ஸ் 11 ஃபைல் வந்தது. 3 திறக்கவில்லை. அந்த 3-ம் கணக்குப் பாடம். அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கெடிலக்கரை | ஜூலை 7, காலை 9.00

அக்கா, என் கேள்வி ஒன்று. லேப்டாப் எஸ்எஸ்டியில் டேபிள் போனால் இதே முறை தானா? ஒருவர் விண்டோஸ் போடும்போது டிரைவை அழித்து, க்விக் ஃபார்மட்டும் கொடுத்துவிட்டார். இப்போது கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

பாகூர்க்காரி | ஜூலை 7, காலை 9.25

டேபிள் மட்டும் போயிருந்தால் இதே முறைதான். ஃபார்மட் கொடுத்துவிட்டார் என்றால் வேறு கதை. எஸ்எஸ்டியில் க்விக் ஃபார்மட் செய்யும்போதே விண்டோஸ் “இந்த இடம் எல்லாம் எனக்கு வேண்டாம்” என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க் பிறகு அங்கே பூஜ்யத்தைத்தான் காட்டும், பெரும்பாலும். டெஸ்ட்டிஸ்க் பழைய வரியைக் கண்டுபிடித்தாலும் உள்ளே வெறும் வீடு. மெஷினை அணைத்து வை. அவருக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதே, காசும் வாங்காதே.

முதுநகர் ஸ்டுடியோ | ஜூலை 9, இரவு 8.20

கடைசியில் அசலில் Intel ஆகவே எழுதினேன். புது அடாப்டர் வாங்கிப் போட்ட பிறகு. Write, Y, ரீபூட் செய் என்றது, செய்தேன். விண்டோஸில் மாட்டும் முன் லினக்ஸில் `-o ro` போட்டு ஒரு தடவை பார்த்தேன், பிறகு தான் விண்டோஸ். எழுத்து E: வந்தது, chkdsk எதுவும் கேட்கவில்லை. GPT மிச்சத்தைத் துடைக்கவில்லை. லாஸ்பேட்டைத் தம்பி மன்னிக்கவும், கேஸின் மேல் மார்க்கரால் “MBR” என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பழைய அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.1 காட்டுகிறது. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது 9.6-க்கு இறங்கி, கொஞ்சம் கழித்து ஏறுகிறது. அப்பாவிடம் காட்டினேன். அதையும் தூக்கிப் போடாமல் மேசை டிராயரில் வைத்துவிட்டார், எதற்காவது ஆகுமாம்.

கெடிலக்கரை | ஜூலை 9, இரவு 8.45

டிராயரைப் பூட்டு.